குவாடலஜாராவா, குவதலஹாராவா? ஸ்பானிய மொழியின் மூன்று ஒலிகளும் தமிழ் நாக்கும்

2026 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கென மெக்சிகோவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று நகரங்களில் இரண்டின் பெயர்கள் தமிழ்ச் செய்திகளில் பல வடிவங்களில் வருகின்றன. ஒன்று குவாடலஜாரா, குவாதலஹாரா என்று மாறி மாறி எழுதப்படுகிறது. மற்றொன்று மான்டெரி என்றும் மாண்டெர்ரே என்றும் அச்சாகிறது. இவற்றில் எது சரி என்ற குழப்பம் இயல்பானதே. ஸ்பானிய மொழியைத் தமிழர் கற்கும்போது இடறுகிற மூன்று ஒலிகளும் இந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே இருக்கின்றன: நாக்கை உருட்டிச் சொல்லும் ரகரம், 'ஹோத்தா' எனப்படும் தொண்டை உரசொலி, மென்மையான தகரம்.

இம்மூன்றும் தமிழுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. இவற்றில் ஒன்று அன்றாடம் பலநூறு முறை நம் வாயில் வருவது. இன்னொன்று உணர்ச்சியை ஒட்டி எப்போதாவது வருவது. மூன்றாவதற்கு மிக நெருக்கமான ஒலி தமிழில் உண்டு என்றாலும், அந்த நெருக்கமே கற்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. தடை பெரும்பாலும் நாக்கில் இல்லை. ரோமன் எழுத்தைக் கண்டதும் அதை ஆங்கில வழியாக வாசிக்கிற பழக்கத்தில்தான் இருக்கிறது.

## எழுதிக் காட்டும் முறை

இக்கட்டுரையில் ஸ்பானியச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. அவற்றைக் கீழ்க்கண்டவாறு வாசிக்க வேண்டும்.

1. 'ர' என்பது நாக்கு நுனி ஒரே முறை தட்டி விலகும் வருடொலி. 'ர்ர' என்பது நாக்கு நுனி காற்றில் அதிரும் ஆடொலி.
2. 'ஹ' என்பது ஹோத்தா. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'க' என்பது ஸ்பானிய மொழியின் 'ஜி' எழுத்துக்குரிய மெல்லிய ககரம். தமிழில் 'அகம்' என்னும்போது வருவது.
3. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'த' மென்மையான 'டி', அதாவது 'd' எழுத்தின் ஒலி. 'த்த' என்பது 'டீ', அதாவது 't' எழுத்தின் ஒலி. இரட்டித்து எழுதினாலும் இதை நீட்டக் கூடாது.

## மென்தகரம்: கற்க வேண்டியதைவிட விட வேண்டியதே அதிகம்

தமிழில் தகரம் ஓர் எழுத்துதான். ஆனால் அது வரும் இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. 'தலை' என்னும்போது குரல்நாண் அதிராத வல்லொலி. 'பத்து' என்பதில் அதே வல்லொலி நீண்டு நிற்கிறது. 'பந்து' என்பதில் மூக்கொலிக்குப் பின் குரல்நாண் அதிர, நாக்கு பல்லை முழுமையாக அடைத்து விடுகிறது. 'அது' என்பதில் நாக்கு பல்லை நெருங்குகிறதே தவிர அடைப்பதில்லை. காற்று இடையறாமல் வழிந்துகொண்டே இருக்கிறது.

ஸ்பானிய மொழியின் 'டி' எழுத்துக்குரிய விதி இதில் பிற்பாதிதான். பேச்சின் தொடக்கத்திலும், 'ன்' அல்லது 'ல்' ஒலிக்குப் பின்னும் அது 'பந்து' என்பதில் உள்ள அடைப்பொலி. மற்ற எல்லா இடங்களிலும் 'அது' என்பதில் உள்ள மென்மை. 'நாதா' (ஒன்றுமில்லை), 'லாதோ' (பக்கம்), 'குவாந்தோ' (எப்போது) ஆகிய சொற்களைத் தமிழ்ச் சொற்கள்போலவே வாசித்தால் ஒலி சரியாக அமைந்துவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் தனியாகப் பயில வேண்டிய மாற்றம் இது. தமிழருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது.

அப்படியிருந்தும் தவறு நேர்வதற்குக் காரணம் டகரம். ஆங்கில 'டி' எழுத்தை நாம் நாக்கை மடித்து 'ட' என்று ஒலித்துப் பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தில் ஸ்பானியச் சொல்லையும் 'நாடா' என்று வாசிக்கிறோம். உயிர்களுக்கு நடுவே வரும் தமிழ் டகரம், மடிந்த நாக்கு மேலண்ணத்தைத் தட்டிவிட்டு விரைந்து கீழிறங்கும் ஒலி. ஸ்பானியரின் காதில் இப்படி ஒரு முறை தட்டும் ஒலி எல்லாம் ரகரமே. எனவே 'தோதோ' (எல்லாம்) என்பதை 'தோடோ' என்று சொன்னால் 'தோரோ', அதாவது காளை, என்று கேட்கக்கூடும். 'காதா' (ஒவ்வொரு) என்பது 'காரா' (முகம்) ஆகிவிடும். 'மோதா' (நாகரிகப் பாணி) 'மோரா' (முசுக்கட்டைப் பழம்) ஆகிவிடும். பேசியவர் தம் உச்சரிப்பில் சற்று அயல்வாடை இருப்பதாகத்தான் நினைப்பார். கேட்டவருக்கோ வேறு சொல்லே போய்ச் சேர்ந்திருக்கும். டகரத்தை அறவே தவிர்ப்பது முதல் வேலை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இரண்டாவது இடர் சொல்லின் முதலில் வருகிறது. தமிழ் எழுத்து அங்கே குரல்நாண் அதிர்வைக் காட்டாது. 'தோஸ்' என்பதை 'தேசம்', 'தினம்' ஆகியவற்றின் தகரத்தோடு சொன்னால் இரண்டு. 'தோல்', 'தலை' ஆகியவற்றின் தகரத்தோடு சொன்னால் இருமல். அதேபோல் 'தீயா' என்பது முன்னதில் நாள், பின்னதில் அத்தை. பேச்சில் இந்த வேறுபாட்டை நாம் நன்கு காக்கிறோம். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு படிப்பவர்தான் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு நிலைகளையும் ஒருங்கே காட்டும் சொல் நம்மிடமே இருக்கிறது. 'தேவதை' என்பதில் முதல் தகரம் அடைப்பொலி, இரண்டாவது மென்மை. 'எந்த ஊர்?' என்று கேட்கும் ஸ்பானியத் தொடர் 'தே தோந்தே எரேஸ்?' என்பது. பேச்சின் தொடக்கமாதலால் முதல் தகரம் அடைப்பு. அடுத்தது உயிருக்குப் பின் வருவதால், புதிய சொல்லின் முதலெழுத்தாக இருந்தும், மென்மை. மூன்றாவது 'ன்' ஒலிக்குப் பின் வருவதால் மீண்டும் அடைப்பு. சொல்லின் எல்லை இந்த விதியைத் தடுப்பதில்லை என்பதை இத்தொடரிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

தகரமும் ரகரமும் இணைந்து வருகிற இடம்தான் சற்றுக் கடினம். 'மத்ரே' (தாய்) என்ற சொல்லை 'ருத்ரன்' என்பதுபோல் அழுத்தி ஒலிக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக 'மதுரை' என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பார்க்கலாம். அதிலுள்ள தகரம் மென்மை, ரகரம் ஒற்றை வருடல். நடுவிலுள்ள உகரத்தைப் படிப்படியாகக் குறுக்கி இல்லாமல் ஆக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 'மத்ரே' தான். ஸ்பெயின் தலைநகரின் பெயரும் இவ்வழியிலேயே 'மத்ரீத்' ஆகிறது. அதன் இறுதித் தகரம் மிக நொய்மையானது. அவ்வூர்க்காரர்களில் பலர் அதை முழுவதும் விட்டு 'மத்ரீ' என்றே சொல்வார்கள்.

## உருட்டும் ரகரம்: தட்டுவதும் அதிர்வதும்

ஸ்பானிய மொழியில் ரகரம் இரண்டு. 'பெரோ' என்றால் ஆனால். 'பெர்ரோ' என்றால் நாய். 'காரோ' என்றால் விலை கூடியது. 'கார்ரோ' என்றால் வண்டி. 'அஓரா' என்றால் இப்போது. 'அஓர்ரா' என்றால் சேமிக்கிறார். முதல் வகையான வருடொலி நம் 'மரம்', 'கரை' ஆகியவற்றில் உள்ள ரகரமேதான். நுனிநா அண்ணத்தை வருட ரகரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவது இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஆடொலியை வேகமான பல வருடல்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த இடத்தில்தான். வருடலில் தசை நாக்கை வீசுகிறது. ஆடொலியில் தசை நாக்கை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது; அசைப்பது காற்று. கம்பத்தில் கட்டிய துணி காற்றில் படபடப்பதைப்போல், மேற்பல் ஈறுக்குப் பின்னால் தளர்வாக நிறுத்தப்பட்ட நுனியை நுரையீரலிலிருந்து வரும் காற்று தள்ளித் திறக்கிறது; உடனே அது மீண்டும் மூடுகிறது. நொடிக்கு 25 முதல் 30 முறை என்ற இந்த வேகத்தைத் தசையால் எட்டுவது கடினம். இயல்பான பேச்சில் இரண்டு அல்லது மூன்று தொடுகைகளே போதும். ஸ்பானியக் குழந்தைகளுக்கும் கடைசியாகக் கைவரும் ஒலிகளில் இது ஒன்று.

ஆடொலி வரும் இடங்கள் மூன்று:

1. உயிர்களுக்கு நடுவே 'ஆர்' எழுத்து இரட்டித்து வரும்போது: 'தியெர்ரா' (நிலம்), 'தோர்ரே' (கோபுரம்).
2. சொல்லின் முதலில், ஒற்றை எழுத்தாக இருந்தாலும்: 'ர்ரோசா' (ரோசாப்பூ), 'ர்ரெய்' (அரசன்).
3. 'ன்', 'ல்', 'ஸ்' ஒலிகளுக்குப் பின்: 'என்ர்ரீக்கே' என்ற ஆண்பெயர், 'ஓன்ர்ரா' (மானம்).

### றகரம் உதவுமா?

தமிழில் ர, ற என்று இரண்டு எழுத்துகள் இருப்பதால் றகரத்தை ஆடொலிக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். குமரி மாவட்டத்திலும் ஈழத்திலும் இவ்வேறுபாட்டைப் பேச்சில் காப்பவர்களுக்கு அது ஓரளவு உதவும். மற்றப் பகுதிகளில் 'அரை', 'அறை' இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. எழுத்தில் மட்டும் எஞ்சியிருக்கும் வேறுபாடு நாக்குக்கு எதையும் சொல்லித் தராது.

றகரத்தால் தீமையும் உண்டு. நாயைக் குறிக்கும் சொல்லைக் குறிப்பேட்டில் 'பெற்றோ' என்று எழுதிக்கொண்டவர் அதைப் 'பெற்றோர்' என்பதுபோலவே வாசிப்பார். நம் 'ற்ற' என்பது தகரச் சாயலோடு தொடங்கும் ஒலி. ஆடொலிக்கு முன் அத்தகைய அடைப்பு எதுவும் இல்லை. இதே காரணத்தால் 'என்ர்ரீக்கே' என்ற பெயர், 'கன்று', 'நன்றி' சொல்லிப் பழகிய வாயில் நடுவே ஒரு டகரம் நுழைந்து 'என்ட்ரீக்கே' ஆகிறது. இந்த நுழைவு இயற்கையானது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியிலேயே 'தெனேர்' (உடைத்தாயிருத்தல்) என்ற வினையின் எதிர்கால வடிவம் 'தெந்த்ரே' என்று வருவதற்கு, பழங்காலத்தில் 'ன்' ஒலிக்கும் ரகரத்துக்கும் நடுவே இப்படி ஒரு தகரம் புகுந்ததே காரணம். ஆனால் அந்தப் பெயரில் அது புகவில்லை. நாமும் புகுத்தக் கூடாது.

### ஆடொலி இருக்குமிடம்

நம் பேச்சில் உண்மையான ஆடொலி ஒலிக்குறிப்புச் சொற்களில் வாழ்கிறது. வண்டி விர்ரென்று போனது. பாம்பு சர்ரென்று நழுவியது. கோபம் சுர்ரென்று ஏறியது. இவற்றைக் கதை சொல்லும் உற்சாகத்தோடு சொல்கிறபோது பலருடைய நாக்கு தானாகவே அதிர்கிறது. அகராதியில் தேடாமல் இந்தச் சொற்களிலிருந்தே தொடங்குவது நல்லது.

1. 'விர்ரென்று' என்பதை உரக்கச் சொல்லி, நடுவில் நிறுத்தி, 'விர்ர்ர்' என்று ஒரு நொடி நீட்ட வேண்டும். நீட்ட முடிந்தால் அது ஆடொலி. முடியாமல் தனித்தனித் தட்டல்களாக உதிர்ந்தால் இன்னும் வருடல்தான்.
2. நீட்டியதைச் சுருக்கி 'விர்ரெ' என்பதோடு நிறுத்த வேண்டும். அதன் பின் ஒரு யகரத்தைச் சேர்த்து, முதலெழுத்தைப் பகரமாக மாற்றினால் 'பிர்ரெய்' என்ற ஸ்பானியச் சொல்லே வந்துவிடுகிறது; அரசப் பிரதிநிதி என்பது அதன் பொருள்.
3. சொல்முதல் ஆடொலியைத் தனியாகப் பயில்வதைவிட முன்னால் ஓர் உயிரை வைத்துப் பயில்வது எளிது. ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொல் பெரும்பாலும் 'லா' போன்ற சுட்டோடு வருவதால் 'லா ர்ரோசா' என்று சேர்த்தே பழகலாம். ராமனை 'இராமன்' என்று உயிர் சேர்த்து எழுதும் மரபுக்காரருக்கு இது புதிதாகவும் இருக்காது.

அதிர்வு வராதபோது கேட்கும் ஒலியைக் கொண்டே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். 'ஸ்ஸ்' என்ற சீறல் கேட்டால் நுனி விறைத்திருக்கிறது. உயிரொலிபோல வழவழப்பாகக் கேட்டால் நுனி ஈறுக்கு எட்டாமல் தொலைவில் நிற்கிறது. காற்று மட்டும் வீணாகப் போய் எதுவும் அசையவில்லை என்றால், நாக்கின் இரு விளிம்புகளும் மேற்கடைவாய்ப் பற்களோடு ஒட்டாமல் பக்கவாட்டில் காற்று கசிகிறது. ழகரம்போல ஒலித்தால் நாக்கு பின்னோக்கி மடிந்துவிட்டது. இது தமிழருக்கு மிக எளிதில் நேர்வது. வாயை அதிகம் திறக்காமல் இருப்பது இவை எல்லாவற்றுக்கும் துணைசெய்யும்.

## ஹோத்தா: எளிதாகத் தோன்றும் கடினம்

'ஜே' எழுத்து எந்த உயிருக்கு முன் வந்தாலும், 'ஜி' எழுத்து 'இ', 'எ' ஒலிகளுக்கு முன் வந்தாலும் ஹோத்தா. ஆங்கில ஜகரம் இங்கே எங்கும் இல்லை. அர்ஜென்டினா என்று நாம் எழுதும் நாட்டை அந்நாட்டார் 'அர்ஹென்த்தீனா' என்பார்கள். அந்நாட்டு எழுத்தாளர் போர்ஹெஸின் பெயரைத் தமிழ் இலக்கிய வாசகர்கள் ஏற்கெனவே ஹகரத்தோடு எழுதிவருகிறார்கள். அவருடைய முதற்பெயரும் அதேபோல் 'ஹோர்ஹே' தான். மாறாக 'எச்' எழுத்துக்கு ஒலியே கிடையாது. மகன் என்று பொருள்படும் சொல்லை எழுத்தைப் பார்த்து 'ஹிஜோ' என்று வாசித்தால் இரண்டு மெய்களும் பிழை, அது 'இஹோ'.

பின்நாக்கு மென்னண்ணத்தை நெருங்க, குரல்நாண் அதிராமல், இடுக்கு வழியே காற்று உரசிக்கொண்டு வெளியேறுவது ஹோத்தா. 'பகல்', 'முகம்' ஆகியவற்றில் உயிர்களுக்கு நடுவே ககரம் மென்மையாகி உரசுவதைக் கவனித்த தமிழர், இதுதான் அது என்று முடிவுகட்டிவிடுவது எளிது. ஆனால் நம் இடைநிலைக் ககரத்தில் பெரும்பாலும் குரல்நாண் அதிர்கிறது. அந்த ஒலி ஸ்பானிய மொழியில் வேறோர் எழுத்துக்குச் சொந்தம். 'அமீகோ' (நண்பர்) என்பதில் வரும் 'ஜி' எழுத்தின் ஒலி அது. தமிழில் இடம் ஒலியை மாற்றுகிறதே தவிர பொருளை மாற்றுவதில்லை. ஸ்பானிய மொழியில் இந்த ஒரு மாற்றமே பொருளை மாற்றிவிடுகிறது.

1. 'இஹோ' மகன், 'இகோ' அத்திப்பழம்.
2. 'பாஹோ' தாழ்வான, 'பாகோ' சோம்பேறியான.
3. 'ஆஹோ' பூண்டு, 'ஆகோ' நான் செய்கிறேன்.

வேறுபாட்டைக் கையாலேயே அறியலாம். குரல்வளையில் விரலை வைத்து 'இகோ' என்று சொன்னால் அதிர்வு தொடக்கம் முதல் முடிவு வரை அறாது. 'இஹோ' என்று சரியாகச் சொன்னால் நடுவே அதிர்வு ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கும்.

ஆகவே ஹோத்தாவைக் கட்ட வேண்டிய அடித்தளம் 'பகல்' அல்ல, 'பக்கம்'. 'க்க' என்பதில் குரல்நாண் அதிர்வதில்லை. நாக்கும் சரியான இடத்திலேயே இருக்கிறது. 'இக்கோ' என்று சொல்லி, அடைத்த நிலையிலேயே நாக்கின் அழுத்தத்தைச் சிறிது தளர்த்திக் காற்றைக் கசியவிட்டால், அடைப்பு மாறி உரசல் வரும். அந்தக் கசிவே ஹோத்தா. ஆய்தத்தை 'அக்து' என்று அடைத்துவிடாமல் உரசி வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த நிலை விரைவில் பிடிபடும்.

ஹரி, ஹாசன் ஆகியவற்றின் ஹகரத்தையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். கரீபியன் தீவுகளிலும் தென் ஸ்பெயினின் பெரும்பகுதியிலும் ஹோத்தா ஏறத்தாழ அப்படித்தான் ஒலிக்கிறது. மெக்சிகோவில் மிதமான உரசல். ஸ்பெயினின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் தொண்டையின் அடியிலிருந்து வரும் கரகரப்பு. சொல்லின் முதலில் ஹகரம் எங்கும் புரியும். உயிர்களுக்கு நடுவேதான் ஆபத்து: நம் பேச்சில் அங்கே ஹகரம் தேய்ந்து, சில வேளை மறைந்தே போகிறது. 'இஹோ' தேய்ந்து 'இயோ' ஆகிவிட்டால் எந்த வட்டாரத்தாருக்கும் விளங்காது. எனவே எந்த வட்டார ஒலியைப் பின்பற்றினாலும், நடுவில் வரும் ஹோத்தாவைக் 'க்க' என்பதிலிருந்து தொடங்கிப் பழகுவதே பாதுகாப்பு.

## ஒரு வாக்கியம், ஒலி ஒலியாக

'என் மகன் ரொத்ரீகோ குவதலஹாராவில் வேலை செய்கிறான்' என்பது ஸ்பானிய மொழியில் இப்படி ஒலிக்கும்:

மி இஹோ ர்ரொத்ரீகோ த்ரபாஹா என் குவதலஹாரா.

1. 'மி இஹோ' என்பதில் இரண்டு இகரங்களும் பேச்சில் இணைந்துவிடும். ஹோத்தாவில் அதிர்வு நிற்க வேண்டும். இல்லையேல் மகன் அத்திப்பழம் ஆகிவிடுவான்.
2. 'ர்ரொத்ரீகோ' சொல்முதல் ஆடொலியோடு தொடங்குகிறது. முந்தைய சொல் ஓகாரத்தில் முடிவதால் அதிர்வைத் தொடங்க வேண்டிய உயிர் கிடைத்துவிடுகிறது. 'த்ரீ' என்பதை மதுரை வழியாக, மென்தகரமும் ஒற்றை வருடலுமாகச் சொல்ல வேண்டும். இறுதிக் ககரம் 'அகம்' என்பதில் உள்ளதே. இங்கே தமிழ்ப் பழக்கம் முழுவதும் சரி.
3. 'த்ரபாஹா' என்பதில் தொடக்கத் தகரம் 'தலை' என்பதில் உள்ளது. அதை அடுத்து வருவது வருடொலி. பகரம் 'கோபம்' என்பதுபோல மென்மையாகும்.
4. 'என் குவ' என்பது விரைவில் 'எங்குவ' என்றே ஆகும். 'சங்கம்' சொல்லும் வாய்க்கு இதில் பயிற்சி தேவையில்லை. அடுத்த தகரம் 'அது'. அங்கே டகரம் வந்தால் கேட்பவர் காதில் ஊரின் பெயர் 'குவரலஹாரா' ஆகிவிடும்.

தம் பேச்சைத் தாமே சரிபார்க்க, 'Praat' என்ற இலவச மென்பொருளில் இவ்வாக்கியத்தைப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆடொலி இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று சிறு பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். வருடலுக்கு ஒரே பள்ளம். மென்தகரம் சரியாக இருந்தால் அலை சற்றே மெலியுமே தவிர அறுந்துபோகாது. மென்பொருள் இல்லாவிட்டால், ஸ்பானிய மொழி பேசுபவர் ஒருவரிடம் 'இஹோ, இகோ, பெரோ, பெர்ரோ, தோதோ, தோரோ' ஆகியவற்றைக் கலைத்துச் சொல்லி, கேட்டதை எழுதித் தரச் சொல்வது போதும். 'சரியாகச் சொன்னேனா?' என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார். எழுதச் சொன்னால் காதில் விழுந்ததே தாளில் வரும்.

வாக்கியத்தின் கடைசி எழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆடொலி கைவந்த புதிதில் கற்பவர் காணும் ரகரத்தை எல்லாம் உருட்டத் தொடங்குவது வழக்கம். அப்போது 'ஆனால்' எல்லாம் 'நாய்' ஆகிவிடுகிறது. குவதலஹாராவின் இறுதியில் இருப்பது ஒற்றை ரகரம். அழுத்தம் அதற்கு முந்தைய 'ஹா' மீது விழுகிறது. ரகரத்தை 'மரம்' என்பதுபோல ஒரே முறை வருடிவிட்டுக் கடந்துவிட வேண்டும்.